பவர் பேங்க் இறக்குமதிக்கு முன் சப்ளையரிடம் சான்றிதழ் கேட்பது எப்படி?

சீன சப்ளையரிடம் “சான்றிதழ் இருக்கிறதா?” என்று கேட்டால் “இருக்கிறது” என்றே பதில் வரும். பெரும்பாலும் அது பொய்யும் அல்ல. ஏதோ ஒரு நாட்டுக்காக, ஏதோ ஒரு மாடலுக்கு, எப்போதோ வாங்கிய ஒரு தாள் அவரிடம் இருக்கும். சென்னைத் துறைமுகத்தில் உங்கள் பெயரில் வந்து இறங்கப்போகும் சரக்குக்கு அந்தத் தாள் பொருந்துமா என்பதை மட்டும் அவர் சொல்லமாட்டார். கேட்கும் விதத்தில் கேட்டால் அதையும் வாங்கிவிடலாம்.

எல்லா நாட்டுக்கும் எல்லாப் பொருளுக்கும் சேர்த்துச் சொன்னால் எதுவும் உருப்படியாக இருக்காது. அதனால் ஒரு வியாபாரியை எடுத்துக்கொள்வோம். ரிச்சி தெருவில் மொத்த வியாபாரம் செய்கிறார். ஷென்சென் பக்கத்திலிருந்து 10,000 எம்.ஏ.எச். பவர் பேங்க், ஒரு ப்ளூடூத் ஸ்பீக்கர் ஆகியவற்றைத் தன் சொந்த பிராண்ட் பெயர் அச்சிட்டு இறக்க நினைக்கிறார். இன்னும் அட்வான்ஸ் கொடுக்கவில்லை. கேட்கவேண்டியதையெல்லாம் கேட்டுவிட இதுதான் நேரம். பணம் போன பிறகு கேட்டால் பதில் வரும் வேகமே வேறு.

முதலில், எது கட்டாயம் என்று தெரிந்துகொள்ளுங்கள்

இந்தியாவில் மின்னணுப் பொருட்களுக்கான கட்டாயப் பதிவு ஆணை 2012-ல் வந்தது; 2021-ல் அதன் இடத்தில் புதிய ஆணை வந்தது. அதன்படி, பட்டியலில் உள்ள பொருட்கள் இந்தியத் தர நிர்ணய அமைவனத்தில், அதாவது பி.ஐ.எஸ்.-ல் பதிவு செய்யப்பட்டிருக்க வேண்டும். பதிவு இல்லாமல் இறக்குமதி செய்யவும் கூடாது, விற்கவும் கூடாது. பவர் பேங்க், லித்தியம் செல், சார்ஜர் அடாப்டர், ப்ளூடூத் ஸ்பீக்கர் எல்லாம் அந்தப் பட்டியலில் இருக்கின்றன. பதிவு கிடைத்ததும் `R-` என்று தொடங்கி எட்டு இலக்கங்கள் வரும் ஓர் எண் தருவார்கள். தொழிலில் அதை ஆர் நம்பர் என்பார்கள்.

புதியவர்கள் தடுமாறுவது இங்கேதான். ஆர் நம்பர் இறக்குமதியாளருக்குத் தரப்படுவதில்லை. குறிப்பிட்ட முகவரியில் உள்ள ஒரு தொழிற்சாலைக்கு, குறிப்பிட்ட பிராண்டில், குறிப்பிட்ட மாடல்களுக்குத் தரப்படுகிறது. தொழிற்சாலை, பிராண்ட், மாடல் என்ற மூன்றில் ஒன்று மாறினாலும் அந்த எண் உங்களுக்கு உதவாது. அதே தொழிற்சாலை அதே பவர் பேங்கை ஏற்கெனவே வேறொரு இந்திய பிராண்டுக்குச் செய்து தரலாம், அதற்கு ஆர் நம்பரும் இருக்கலாம். அந்த எண்ணை உங்கள் பெட்டியில் அச்சிட்டுத் தருகிறேன் என்று சப்ளையர் தாராளமாகச் சொல்வார். அது அந்த பிராண்டின் பதிவு. உங்கள் பெயருள்ள சரக்கில் அதைப் போட்டால் முறைகேடுதான்.

சி.இ., எஃப்.சி.சி. முத்திரைகளைக் காட்டினால் மரியாதைக்கு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். சி.இ. என்பது ஐரோப்பியச் சந்தைக்கானது. பெரும்பாலான மின்னணுப் பொருட்களுக்கு அது தயாரிப்பாளர் தானே தரும் உறுதிமொழிதான். எஃப்.சி.சி. அமெரிக்காவுக்கானது. இரண்டுமே பி.ஐ.எஸ். பதிவுக்கு ஈடாகாது. சி.பி. சான்றிதழ் என்று ஒன்று உண்டு. அது சர்வதேசத் தரத்தின்படி முறையாகச் சோதித்துத் தருவது, மதிப்புள்ளதும்கூட. ஆனால் பி.ஐ.எஸ். பதிவுக்கான சோதனையை பி.ஐ.எஸ். அங்கீகரித்த லேபில்தான் செய்யவேண்டும். சி.பி. ரிப்போர்ட்டை நீட்டி அதைத் தவிர்க்க முடியாது. இருந்தாலும் அந்த ரிப்போர்ட்டைக் கேட்டு வாங்குங்கள். பொருளுக்குள் என்னென்ன பாகங்கள் இருக்கின்றன என்ற பட்டியல் அதில் இருக்கும். பின்னால் அது பல இடங்களில் கைகொடுக்கும்.

ஒரு பொருளுக்கு ஒரு பதிவு போதாது

பவர் பேங்குக்குள் இருக்கும் செல்லைப் பெரும்பாலும் வேறொரு தொழிற்சாலை செய்திருக்கும். பவர் பேங்குக்கு ஐ.எஸ். 13252 என்ற தரத்தில் பதிவு வேண்டும் என்றால், உள்ளே இருக்கும் லித்தியம் செல்லுக்கு ஐ.எஸ். 16046 பகுதி 2-ன் கீழ் தனிப் பதிவு வேண்டும். ஸ்பீக்கருக்கு ஐ.எஸ். 616, அதன் பேட்டரிக்கு மறுபடியும் 16046. பெட்டிக்குள் ஒரு சார்ஜர் அடாப்டரும் வைத்தால் அதற்கும் ஒரு பதிவு. 13252, 616 ஆகிய இரண்டுக்கும் பதிலாக ஐ.எஸ்./ஐ.இ.சி. 62368-1 என்ற புதிய தரம் வந்துகொண்டிருப்பதால், ரிப்போர்ட்டில் அந்த எண்ணைப் பார்த்தால் மிரளவேண்டாம். உங்கள் விண்ணப்பத்துக்கு எந்தத் தரத்தில் சோதிப்பது என்பதை லேபிடம் கேட்டு முடிவு செய்யுங்கள்.

இதிலிருந்து ஒரு நடைமுறை முடிவு கிடைக்கிறது. செல்லுக்கு ஏற்கெனவே ஆர் நம்பர் இருந்தால் வேலை பாதியாகிவிடும். இல்லாவிட்டால் செல்லை முதலில் சோதனைக்கு அனுப்பவேண்டும். பல மாதிரிகளைத் திரும்பத் திரும்ப சார்ஜ் ஏற்றி இறக்கிப் பார்ப்பார்கள் என்பதால் அதற்கு வாரக்கணக்கில் ஆகும். ஆகவே பவர் பேங்கின் விலை என்ன என்று கேட்பதற்கு முன்பே “உள்ளே எந்த செல், அதற்கு ஆர் நம்பர் உண்டா?” என்று கேட்டுவிடுங்கள். ஸ்பீக்கர் பெட்டியில் அடாப்டரை வைக்காமல் சார்ஜிங் கேபிளை மட்டும் வைத்தால் ஒரு பதிவு மிச்சமாகும். இதனால்தான் பல பெட்டிகளில் இப்போது அடாப்டர் இருப்பதில்லை என்று நினைக்கிறேன்.

கேட்கவேண்டிய கடிதம்

“எல்லா சான்றிதழ்களையும் அனுப்புங்கள்” என்று எழுதினால் ‘டியர் ஃப்ரெண்ட்’ என்று தொடங்கி ஒரு ஜிப் ஃபைல் வரும். அதில் முப்பது தாள் இருக்கும், தேவையானது இருக்காது. மாடல் பெயரைச் சொல்லி, எண்ணிட்டு, ஒவ்வொரு வரியிலும் ஒன்றே ஒன்றைக் கேளுங்கள். எளிய ஆங்கிலத்தில் எழுதினால் போதும். கடிதத்தின் உள்ளடக்கம் இப்படி இருக்கவேண்டும்:

> உங்கள் 10,000 எம்.ஏ.எச். பவர் பேங்கை எங்கள் பிராண்டில் இந்தியாவுக்கு வாங்க விரும்புகிறோம். விலை பேசுவதற்கு முன் கீழ்க்கண்டவை தேவை.
>
> 1. பொருளை உற்பத்தி செய்யும் தொழிற்சாலையின் பெயர், முகவரி, அதன் வணிக உரிமத்தின் நகல்.
> 2. இந்தத் தொழிற்சாலைக்கு பி.ஐ.எஸ். பதிவு இருந்தால் அதன் ஆர் நம்பர், அதில் உள்ள பிராண்ட், மாடல் பட்டியல்.
> 3. உள்ளே உள்ள செல்லின் தயாரிப்பாளர், செல் மாடல், செல்லின் ஆர் நம்பர்.
> 4. இந்த மாடலின் பாதுகாப்புச் சோதனை ரிப்போர்ட், எல்லாப் பக்கங்களும், படங்களும் பாகப் பட்டியலும் உட்பட.
> 5. செல்லுக்கு மட்டும் இல்லாமல் முழு பவர் பேங்குக்கும் எடுத்த யூ.என். 38.3 சோதனைச் சுருக்கம்.
> 6. ஈயம், காட்மியம் போன்ற நச்சுப் பொருட்களுக்கான ரோஸ் ரிப்போர்ட்.
> 7. எங்கள் பிராண்டைச் சேர்த்து பி.ஐ.எஸ். பதிவு எடுக்க உங்கள் தொழிற்சாலை ஒத்துழைக்குமா, லேப் கட்டணம் யாருடையது என்பதற்கு எழுத்தில் பதில்.

ஸ்பீக்கருக்கு எழுதும்போது எட்டாவதாக ப்ளூடூத்துக்கான ரேடியோ சோதனை ரிப்போர்ட்டைச் சேர்த்துக்கொள்ளுங்கள். இந்தியத் தொலைத்தொடர்புத் துறையின் டபிள்யூ.பி.சி. பிரிவு தரும் இ.டி.ஏ. ஒப்புதலுக்கு அது வேண்டும். சரள் சஞ்சார் இணையதளத்தில் விண்ணப்பிக்கவேண்டும். நல்ல செய்தி, இதற்கு அங்கீகாரம் பெற்ற வெளிநாட்டு லேபின் ரிப்போர்ட்டே போதும். மறுபடி இந்தியாவில் சோதிக்கவேண்டியதில்லை. மாடல் பெயர் மட்டும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்கவேண்டும்.

ஏழாவது கேள்விக்கு வரும் பதில்தான் சப்ளையரை அடையாளம் காட்டும். சொந்தத் தொழிற்சாலை உள்ளவர் நாள், கட்டணம், எத்தனை மாதிரி அனுப்பவேண்டும் என்று பேசத் தொடங்குவார். இடைத்தரகர் “கவலைப்படாதீர்கள், எல்லோரும் இப்படித்தான் அனுப்புகிறார்கள்” என்பார். தரகரிடம் வாங்குவதில் தவறில்லை. ஆனால் பதிவு தொழிற்சாலையின் பெயரில்தான் எடுக்க முடியும் என்பதால், தொழிற்சாலை யார் என்பதைச் சொல்ல மறுக்கும் தரகரோடு இந்தப் பொருளைச் செய்ய முடியாது.

வந்ததைப் படிப்பது

நம் வியாபாரிக்கு நான்கு ஃபைல்கள் வந்தன என்று வைத்துக்கொள்வோம்.

முதல் ஃபைல், ஓர் ஆர் நம்பர் தெரியும் ஸ்க்ரீன்ஷாட். படத்தை நம்பவேண்டாம். `BIS Care` செயலியைத் திறந்து ஆர் நம்பரைச் சரிபார்க்கும் பகுதியில் நீங்களே தட்டிப் பாருங்கள். தயாரிப்பாளர் பெயர், முகவரி, பிராண்ட், மாடல்கள், பதிவு நடப்பில் இருக்கிறதா என்பதெல்லாம் வரும். இவர் தட்டியபோது பதிவு உண்மையாகவே இருந்தது. ஆனால் முகவரி டோங்குவானில் உள்ள ஒரு தொழிற்சாலை. விலைப்பட்டியல் அனுப்பியவரோ ஷென்செனில் உள்ள நிறுவனம். பிராண்டும் வேறு. ஆக இது ‘இந்தத் தொழிற்சாலைக்கு பி.ஐ.எஸ். பழக்கம் உண்டு’ என்பதற்கு மட்டும் சாட்சி. அதுவும் ஒரு லாபம்தான், முதல் முறை பதிவு எடுக்கும் தொழிற்சாலையைவிட இது வேகமாக நகரும். டோங்குவான் தொழிற்சாலையின் வணிக உரிம நகலை வாங்கி, அதில் எண்ணும் எழுத்துமாக 18 இடங்களில் வரும் அடையாளக் குறியீட்டையும் சீன மொழிப் பெயரையும் குறித்துக்கொள்ளவேண்டும். ஆங்கிலப் பெயரை எப்படி வேண்டுமானாலும் எழுதிக்கொள்ளலாம், சீனப் பெயர் ஒன்றுதான்.

இரண்டாவது, யூ.என். 38.3 ரிப்போர்ட். லித்தியம் பேட்டரி எந்தப் போக்குவரத்தில் போனாலும், காற்றழுத்தக் குறைவு, வெப்பம், அதிர்வு, ஷார்ட் சர்க்யூட் முதலிய சோதனைகளைத் தாண்டியிருக்கவேண்டும் என்பது ஐ.நா. விதி. அதன் சுருக்கத்தைக் கேட்பவருக்குத் தரவேண்டும் என்பது 2020 ஜனவரி முதல் நடைமுறையில் இருக்கிறது. இங்கே ஒரு சின்னக் கணக்குப் போடுங்கள். செல்லின் மின்னழுத்தமான 3.7 வோல்ட்டை, 10,000 எம்.ஏ.எச். என்கிற 10 ஆம்பியர்-மணியால் பெருக்கினால் 37 வாட்-மணி. இவருக்கு வந்த ரிப்போர்ட்டில் 18.5 என்று இருந்தது. மாடல் பெயர் `606090`. பாலிமர் செல்களின் பெயர் பெரும்பாலும் அளவுதான்: 6 மி.மீ. தடிமன், 60 அகலம், 90 நீளம். அதாவது இது 5,000 எம்.ஏ.எச். ஒற்றைச் செல்லின் ரிப்போர்ட். அப்படி இரண்டு செல்களை இணைத்துத்தான் பவர் பேங்க் ஆகிறது. இணைத்த பொருளுக்கு எடுத்த ரிப்போர்ட் வரவில்லை. இதைத் திருப்பிக் கேட்டால் பெரும்பாலும் இரண்டு நாளில் வந்துவிடும், வராவிட்டால் எடுக்கவே இல்லை என்று பொருள். எம்.எஸ்.டி.எஸ். என்ற பெயரில் ஒரு தாளை அனுப்பிச் சமாளிப்பதும் உண்டு. அது வேதிப்பொருள் விவரத்தாள், சோதனை ரிப்போர்ட் அல்ல.

கணக்குப் பொருந்தவில்லை என்றாலே போலி என்று குதிக்கவும் கூடாது. பவர் பேங்கின் மேல் 10,000 எம்.ஏ.எச். என்றும், பக்கத்தில் 5 வோல்ட்டில் சுமார் 6,000 என்றும் இரண்டு எண்கள் இருக்கும். முதலாவது செல்லின் கொள்ளளவு, இரண்டாவது வெளியே கிடைப்பது. இரண்டும் சரிதான்.

மூன்றாவது, பாதுகாப்புச் சோதனை ரிப்போர்ட். முதல் பக்கத்தில் ‘1/58’ என்று இருந்தது, வந்ததோ ஐந்து பக்கங்கள். மீதிப் பக்கங்களில்தான் விஷயமே இருக்கிறது. உள்ளே திறந்து எடுத்த சர்க்யூட் போர்டின் படங்கள், எந்த நிறுவனத்தின் எந்தப் பாகம் என்ற பட்டியல், எந்தச் சோதனையில் தேறியது, எது பொருந்தாது என்ற விவரம் எல்லாம் அங்கேதான். முழுதும் வந்த பிறகு நீங்கள் செய்யவேண்டியது, சாம்பிளாக வந்த ஒரு பவர் பேங்கைத் திறந்து போர்டைப் படத்தோடு ஒப்பிடுவது. போர்டின் அமைப்போ சார்ஜிங் சிப்போ வேறாக இருந்தால், ரிப்போர்ட் உண்மையானதாக இருந்தும் உங்கள் பொருளுக்கானது அல்ல. செல்லைக் குத்திவிடாமல் திறக்கத் தெரிந்த மெக்கானிக்கிடம் இந்த வேலையைக் கொடுங்கள்.

திருத்தப்பட்ட ரிப்போர்ட்டும் வரும். மாடல் பெயர் உள்ள வரியில் மட்டும் எழுத்துரு சற்று மாறியிருக்கும். அல்லது முதல் பக்கத்தில் ஒரு மாடல், உள்ளே படத்தில் ஸ்டிக்கரில் வேறு மாடல் இருக்கும். உறுதி செய்ய ஒரே வழி, ரிப்போர்ட் எண்ணை லேபுக்கே அனுப்பிக் கேட்பது. ரிப்போர்ட்டில் உள்ள மின்னஞ்சலுக்கு எழுதாதீர்கள். லேபின் இணையதளத்தை நீங்களே தேடி, அங்குள்ள முகவரிக்கு எழுதுங்கள். பல லேப்கள் ரிப்போர்ட் எண்ணைச் சரிபார்க்க இணையதளத்திலேயே வசதி வைத்திருக்கின்றன.

நான்காவது, ரோஸ் ரிப்போர்ட். இந்திய மின்கழிவு விதிகளிலும் ஈயம், பாதரசம் முதலியவற்றுக்கு 0.1 சதவீதம், காட்மியத்துக்கு 0.01 சதவீதம் என்ற வரம்பு இருக்கிறது. சொந்த பிராண்டில் இறக்குபவர் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தில் பதிவு செய்துகொள்ளவேண்டும், அங்கே இந்த ரிப்போர்ட் பயன்படும். பேட்டரிக் கழிவு விதிகளின் கீழும் இதேபோலப் பதிவு உண்டு. இவருக்கு வந்தது சரியாகவே இருந்தது.

இல்லாததை எடுக்க வைப்பது

நான்கில் ஒன்று தேறியது, ஒன்று திருப்பிக் கேட்டால் கிடைக்கும், இரண்டு அரைகுறை. இது சராசரியான நிலைதான், சப்ளையரைக் கைவிடவேண்டிய நிலை அல்ல. இனி உங்கள் பிராண்டில் பதிவு எடுக்கவேண்டும். பிராண்ட் உங்களுடையது என்பதற்கு வர்த்தக முத்திரைப் பதிவும், அதைப் பயன்படுத்த அந்தத் தொழிற்சாலைக்கு நீங்கள் தரும் அனுமதிக் கடிதமும் வேண்டும். வெளிநாட்டுத் தொழிற்சாலைக்கு இந்தியாவில் ஓர் அதிகாரபூர்வப் பிரதிநிதி இருக்கவேண்டும். பிராண்ட் இந்தியரின் கையில் இருக்கும்போது பொதுவாக அந்தப் பொறுப்பு பிராண்ட் உரிமையாளரிடமே வந்து சேரும். பொருளில் குறை வந்தால் பி.ஐ.எஸ். முதலில் தேடுவது அவரைத்தான். தெரிந்துகொண்டு கையெழுத்துப் போடுங்கள்.

மாதிரிகளை இந்திய லேபுக்கு அனுப்பி ரிப்போர்ட் வாங்கியதும் விண்ணப்பத்தைத் தள்ளிப்போடாதீர்கள். விண்ணப்பிக்கும் நாளில் ரிப்போர்ட் 90 நாளுக்கு மேல் பழையதாக இருக்கக்கூடாது. சீனப் புத்தாண்டு விடுமுறையில் தொழிற்சாலையில் கையெழுத்துப் போட ஆள் இல்லாமல் இந்தக் கெடு கைநழுவுவது வழக்கமான கதை. பதிவு முதல் முறை பொதுவாக 2 ஆண்டுக்குத் தரப்படும், பிறகு புதுப்பிக்கலாம்.

யார் பணம் கட்டுவது என்ற பேரத்தில் ஒன்றை நினைவில் வையுங்கள். லேப் கட்டணமும் பி.ஐ.எஸ். கட்டணமும் நீங்களே கட்டினாலும் பதிவு அந்தத் தொழிற்சாலைக்குத்தான். நாளை விலை ஒத்துவராமல் வேறு தொழிற்சாலைக்குப் போனால் புதிதாகத் தொடங்கவேண்டும். தொழிற்சாலையே இடம் மாறினாலும் அப்படித்தான். அதனால் கட்டணத்தை நீங்கள் ஏற்பதாக இருந்தால், குறிப்பிட்ட அளவு ஆர்டருக்குப் பிறகு அதை விலையில் கழித்துத் தரவேண்டும் என்று எழுதி வாங்குவது நியாயம். பெரும்பாலான தொழிற்சாலைகள் ஒத்துக்கொள்ளும்.

ஆர்டரில் எழுதவேண்டியது, கப்பலுக்கு முன் பார்க்கவேண்டியது

பர்ச்சேஸ் ஆர்டரில் செல்லின் தயாரிப்பாளர், செல் மாடல், போர்டின் பதிப்பு எண் ஆகியவற்றைப் பெயர் சொல்லி எழுதுங்கள். எழுத்தில் அனுமதி வாங்காமல் இவற்றை மாற்றினால் சரக்கை மறுக்கலாம் என்ற வரி இருக்கட்டும். சோதனைக்கு நல்ல செல், சரக்குக்கு மலிவான செல் என்ற பழைய வித்தை இன்னும் நடக்கிறது. மீதிப் பணத்தை, சரக்கிலிருந்து ஆய்வாளர் தானே பொறுக்கி எடுத்த சில துண்டுகளைத் திறந்து பார்த்த பிறகே கொடுங்கள்.

பி.ஐ.எஸ். முத்திரை, தர எண், ஆர் நம்பர் ஆகியவை பொருளின் மேலும் பெட்டியின் மேலும் தொழிற்சாலையிலேயே இருக்கவேண்டும். இங்கே வந்து ஸ்டிக்கர் ஒட்டிக்கொள்ளலாம் என்று எண்ணி இறக்கினால் கஸ்டம்ஸில் நிற்கும். பதிவு இல்லாத சரக்கைத் திருப்பி அனுப்பவேண்டும், இல்லையென்றால் பயன்படாதபடி சிதைத்துக் கழிவாக அகற்றவேண்டும் என்பதுதான் விதி. முடிவாகும் வரை, சரக்கு துறைமுகத்தில் தங்குவதற்கான டெமரேஜ் கட்டணம் ஏறிக்கொண்டே இருக்கும்.

அச்சுக்குப் போகும் முன் லேபிள் வடிவமைப்பைப் படமாக வாங்கி, பதிவில் உள்ள மாடல் பெயரோடு ஒவ்வோர் எழுத்தாக ஒப்பிடுங்கள். `PB-10` என்று பதிவாகி `PB10` என்று அச்சானால்கூடக் கேள்வி வரும். இன்வாய்ஸ், பேக்கிங் லிஸ்ட் இரண்டிலும் அதே பெயரே இருக்கட்டும். இவற்றோடு ஆர் நம்பர் விவரம், செல்லின் ஆர் நம்பர், 38.3 சுருக்கம், ஸ்பீக்கருக்கான இ.டி.ஏ. எல்லாவற்றையும் கன்டெய்னர் சீல் ஆவதற்கு முன்பே உங்கள் கிளியரிங் ஏஜென்டுக்கு அனுப்பி, இன்னும் ஏதாவது வேண்டுமா என்று கேளுங்கள். அவர் ஒன்றைச் சொன்னால், சரக்கு தொழிற்சாலையில் இருக்கும்போதே அதைத் திருத்திக்கொள்ளலாம்.